பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டதா? அலையாமல் நகல் வாங்க இதைத் தெரிந்துகொள்ளுங்கள்!

பொழுது விடியும் முன்பே தேவாரத்தில் ஜீப்புகள் கிளம்பிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்கள். இந்தப் பக்கம் வீடு, பிள்ளைகள், ரேஷன் கடை, பள்ளிக்கூடம். சாக்கலூத்து மெட்டு வழியாக நேராக ஏறிப்போக ஒரு சாலை வேண்டும் என்று ஊர் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது வரும் வரை போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று சுற்றித்தான் போக வேண்டும். ஜீப்பைத் தவறவிட்டால் அன்றைய கூலி போச்சு.

அதனால், 'ஒரு சர்டிஃபிகேட் வாங்கணும்' என்றால் இந்த ஊரில் அதன் முதல் செலவு ஒரு நாள் கூலி. தவறான அலுவலகத்துக்குப் போனால் இன்னொரு நாள். தேதி சரியாகத் தெரியாமல் போனால் மூன்றாவது நாள். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். அலைச்சல்தான் அதைவிடப் பெரிய செலவு.

பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து தொலைந்தது அசல் அல்ல. அசல் என்பது அலுவலகத்தில் இருக்கும் பிறப்புப் பதிவேடு. நம் கையில் இருந்தது அந்தப் பதிவேட்டின் ஒரு வரியை எடுத்துக் கொடுத்த நகல் மட்டும்தான். 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு, உரிய கட்டணம் செலுத்தினால் பதிவேட்டைத் தேடச் சொல்லவும் அதிலிருந்து நகல் வாங்கவும் உரிமை தருகிறது. பத்து வருடம் கழித்து வாங்கினாலும் அந்த நகலின் மதிப்பு குறையாது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அவர்கள் தரும் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதே நினைப்பில் பிறப்புச் சான்றிதழுக்கும் போலீஸ் ஸ்டேஷன் படியேறத் தேவையில்லை. பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அதில் எந்த வருடத்தில் தேட வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு குடும்பம், இரண்டு வீண் நாள்கள்

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா இருவரும் ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள். வீடு தேவாரத்தில். மகள் நர்ஸிங் படித்து முடித்துவிட்டாள். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட ஆவணங்களில் பிறப்புச் சான்றிதழும் ஒன்று. வீடு மாறியபோது தகரப்பெட்டியில் இருந்த அந்தக் காகிதம் எங்கேயோ போய்விட்டது.

அப்பா முதலில் போவது தேவாரம் பேரூராட்சி அலுவலகத்துக்கு. 'நாம இருக்கிறது இந்த ஊருதானே, இங்கதானே இருக்கும்?' என்பது அவர் கணக்கு. தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் நாள் போச்சு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்கு நினைவு வருகிறது. தலைப்பிரசவம், தாய்வீடு போடி. குழந்தை பிறந்தது போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனையில். அப்படியானால் பதிவு இருக்க வேண்டியது போடி நகராட்சியில். மறுவாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போடிக்குப் போகிறார் அப்பா. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை விண்ணப்பத்தில் எழுதுகிறார்: 20.5.2004. 2004-ம் ஆண்டுப் பதிவேட்டிலும் இல்லை. இரண்டாவது நாளும் போச்சு.

உண்மையில் அந்தப் பெண் பிறந்தது 2005 ஜனவரி 18. 2009 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது அவளுக்கு ஐந்து வயது நிறையவில்லை. வயது சரியாக வர வேண்டும் என்பதற்காகப் பள்ளியில் மே மாதத் தேதி ஒன்றைப் போட்டுச் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தலைமுறையில் ஊருக்கு ஊர் மே, ஜூன் மாதப் பிறந்தநாள்காரர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பள்ளிப் பதிவேடு ஒரு தேதியைச் சொல்லும். பிறப்புப் பதிவேடு இன்னொன்றைச் சொல்லும். தேட வேண்டியது இரண்டாவதை.

பிறந்த இடம்தான் கணக்கு

பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் அது பதிவாகும். பெற்றோரின் வீட்டு முகவரி எதுவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. நகராட்சி எல்லைக்குள் பிறந்திருந்தால் நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் என்றால் பேரூராட்சி. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பதிவு அந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் இருக்கும். தேவாரத்தில் தேடிப் பயனில்லை.

கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவர்களுக்குக் கதை சற்று வேறு. ஊராட்சிப் பகுதிகளில் பிறப்பைப் பதிவு செய்தவர் கிராம நிர்வாக அலுவலர். ஆனால் பழைய பதிவேடுகள் அவரிடமே தங்கிவிடுவதில்லை; பத்திரப்பதிவு நடக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கும். எனவே முதலில் வி.ஏ.ஓ-விடம், 'இந்த வருடத்துப் பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது?' என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள், மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் இவர்களுடைய பிறப்பு பதிவாகியிருக்க வேண்டிய இடம் கேரளம். சாந்தன்பாறை, சின்னக்கானல் போன்ற கிராமப் பஞ்சாயத்துகளில் எதன் எல்லைக்குள் அந்தத் தோட்டமோ மருத்துவமனையோ இருக்கிறதோ, அங்கே கேட்க வேண்டும். கேரளத்தில் உள்ளாட்சிகளின் பிறப்புப் பதிவுச் சேவைகள் கே-ஸ்மார்ட் என்ற தளத்தில் கிடைக்கின்றன. அங்கே தேடும்போது பெயரை எப்படி எழுதியிருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். மலையாளத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்கு வரும்போது நாம் பழகிய எழுத்தில் இருக்காது.

1997 ஜனவரிக்கு முன்பு பிறந்தவர்களின் பழைய காகிதங்களில் 'மதுரை மாவட்டம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது அப்போதுதான். உள்ளூர்ப் பதிவேட்டைத் தேடி மதுரைக்கு பஸ் ஏறும் முன் அந்தந்த உள்ளூர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தேதியைத் துல்லியமாக்குவது எப்படி?

நகல் கேட்டுப் போகும் முன், வீட்டில் ஒரு மணி நேரம் செலவழித்துப் பழைய காகிதங்களைப் பார்த்தால் போதும். குழந்தையின் தடுப்பூசி அட்டை இருக்கிறதா? அதில் பிறந்த தேதியும் மருத்துவமனைப் பெயரும் இருக்கும். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஜாதகம் எழுதி வைத்திருந்தால் அதில் தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருக்கும். அலுவலகத்தில் அது சான்றாகாது, ஆனால் எந்த வருடத்தில் தேடுவது என்று நமக்குக் காட்டிக்கொடுக்கும். நம் உதாரணக் குடும்பத்தில் பாட்டி, 'பொங்கல் முடிஞ்சு நாலஞ்சு நாள்ல பொறந்தா' என்று சொன்னதே போதுமானதாக இருந்தது. பள்ளித் தேதி மே மாதம் என்பது அப்போதே பொருந்தாமல் போய்விட்டது.

தொலைந்த சான்றிதழின் பழைய ஜெராக்ஸ் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில், அங்கன்வாடியில், வங்கியில், ஏதாவது உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கலாம். ஜெராக்ஸ் கிடைத்தால் அதில் முதலில் பார்க்க வேண்டியது பதிவு எண்ணும் பதிவு செய்த தேதியும்.

பதிவு எண் ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். எனவே, எண் மட்டும் போதாது; எந்த வருடத்து எண் என்பதும் வேண்டும். டிசம்பர் கடைசியில் பிறந்து ஜனவரியில் பதிவான குழந்தையின் பெயர் அடுத்த வருடப் பதிவேட்டில் இருக்கும். டிசம்பரில் பிறந்தவர்கள் இரண்டு வருடங்களையும் குறிப்பிட்டுத் தேடச் சொல்வது நல்லது.

எவ்வளவு கட்டணம்?

குழந்தை பிறந்து பதிவானதும் தரப்படும் முதல் சான்றிதழ் இலவசம். அதற்குப் பிறகு கேட்கும் நகலுக்குத்தான் கட்டணம். ஒரு காலத்தில் தேடுவதற்கு 2 ரூபாய், நகலுக்கு 5 ரூபாய் என்று இருந்தது. 2017-ல் தமிழக அரசு அதை மாற்றியமைத்தது. அந்த அட்டவணைப்படி, பதிவேட்டில் முதல் ஒரு வருடத்தைத் தேட 100 ரூபாய். கூடுதலாகத் தேடும் ஒவ்வொரு வருடத்துக்கும் 100 ரூபாய். ஒவ்வொரு நகலுக்கும் 200 ரூபாய்.

நம் உதாரணத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். சரியான வருடம் 2005 என்று தெரிந்து போயிருந்தால், தேட 100, நகலுக்கு 200, மொத்தம் 300 ரூபாய். சந்தேகத்தோடு போகிறார்கள், 2004, 2005 இரண்டையும் தேடச் சொல்லி ஒரே விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள் என்றால், தேட 200, நகலுக்கு 200, மொத்தம் 400 ரூபாய். வெளிநாட்டு வேலைக்கு ஒன்று, வீட்டில் வைக்க ஒன்று என இரண்டு நகல்கள் கேட்டால் இன்னொரு 200 சேர்ந்து 600 ரூபாய். தேதி தெரியாமல், 'ஒரு அஞ்சு வருஷம் தேடிப் பாருங்க சார்' என்றால், தேடலுக்கு மட்டுமே 500 ரூபாய் ஆகிவிடும்.

கட்டிய பணத்துக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். அண்மை ஆண்டுகளில் பதிவான பிறப்புகள் என்றால் நேரில் போவதற்கு முன் crstn.org தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அதில் பதிவு ஏறியிருந்தால் அலைச்சலே இல்லாமல் செல்போனிலேயே சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். கையால் எழுதப்பட்ட பழைய பதிவேடுகளுக்குத்தான் நேரடி விண்ணப்பம் தேவைப்படும்.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

அலுவலகத்தில் படிவம் இருந்தால் அதை நிரப்பலாம். இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதலாம். தேடுபவருக்கு உதவும் விவரங்களைச் சுருக்கமாக எழுதினால் போதும். நம் உதாரணக் குடும்பத்தின் விண்ணப்பம் இப்படி இருக்கலாம்:

'எங்கள் மகள் 18.1.2005 அன்று போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனையில் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. தந்தை பெயர், தாய் பெயர், பிறந்தபோது கொடுத்த முகவரி ஆகியவை கீழே உள்ளன. 2005-ம் ஆண்டுப் பதிவேட்டிலும், அதில் இல்லாவிட்டால் 2004-ம் ஆண்டுப் பதிவேட்டிலும் தேடி, பதிவின் நகல் இரண்டு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதில் 'பிறந்தபோது கொடுத்த முகவரி' என்பது முக்கியம். தாய்வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் இப்போதைய முகவரியோடு பொருந்தாது. அம்மாவின் பெயரும் அப்படித்தான். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் இருப்பது ஒன்று, மருத்துவமனையில் சொன்னது ஒன்று என இருந்தால், மூன்றையும் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பிப்பவரின் அடையாள அட்டை நகலையும் இணையுங்கள்.

கொடுத்ததும் விண்ணப்ப எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். பதிவு எண் என்பது வேறு, விண்ணப்ப எண் என்பது வேறு. பதிவு எண் அந்தப் பிறப்புக்குரியது. வாழ்நாள் முழுக்க மாறாது. விண்ணப்ப எண் இந்த முறை நீங்கள் கேட்ட நகலுக்கு மட்டும் உரியது. 'என் மனு என்ன ஆச்சு?' என்று கேட்பதற்கு அதுதான் பிடி. சீட்டை அங்கேயே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். பதிலே வராமல் இழுத்தடித்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு, விண்ணப்ப எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அந்த மனு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பொதுத் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். எண் இல்லாமல், 'போன மாசம் குடுத்தேன்' என்று மட்டும் சொன்னால், கேள்வி பலவீனமாகிவிடும்.

நகல் கிடைத்தது... பெயரைக் காணோமே!

மூன்றாவது முறை, சரியான தேதியோடு போனபோது நம் குடும்பத்துக்குப் பதிவு கிடைத்துவிட்டது. ஆனால் நகலில் குழந்தையின் பெயருக்கான இடம் காலி. 'பெண்' என்றும், அப்பா, அம்மா பெயரும் மட்டுமே இருக்கின்றன.

இது அலுவலகத்தின் தவறு அல்ல. பிறந்த 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் பெயர் வைப்பது பல நேரம் அதற்குப் பிறகுதான். மருத்துவமனை தகவல் கொடுத்தபோது பெயர் இல்லை. பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. பதிவான ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடங்கள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 15 வருடம் தாண்டியவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்பு அவகாசம் தருகிறது. 2024 டிசம்பர் 31 வரை அப்படி ஓர் அவகாசம் இருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த அவகாசம் நடப்பில் இருக்கிறது என்பதைப் பதிவாளரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இதைப் படித்த கையோடு அவர்களுடைய சான்றிதழை எடுத்து, பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருக்கும்போதே சேர்ப்பது எளிது.

அடுத்தது தேதி முரண்பாடு. பள்ளிச் சான்றில் 20.5.2004, பிறப்புச் சான்றில் 18.1.2005. 'ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இருக்கிற மாதிரி இதையும் மாத்திக் குடுங்க' என்று கேட்டால் பதிவாளரால் முடியாது. சட்டத்தின் 15-வது பிரிவு, பதிவேட்டில் தவறாக எழுதப்பட்டது என்று நிரூபிக்கப்பட்டதை மட்டுமே திருத்த அனுமதிக்கிறது. எழுத்துப் பிழையைத் திருத்தலாம். சரியாக எழுதப்பட்ட பிறந்த தேதியை, தவறாக எழுதப்பட்ட பள்ளித் தேதிக்கு ஏற்ப மாற்ற முடியாது. பள்ளிச் சான்றை மாற்றுவதோ பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டிய வேலை.

ஆகவே இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நேரம், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன். 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்கள் பாஸ்போர்ட்டுக்குப் பள்ளிச் சான்றையும் பிறந்த தேதிக்கான ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் ஒரு தேதியோடு பாஸ்போர்ட்டும் இன்னொரு தேதியோடு பிறப்புச் சான்றும் வெளிநாட்டு நிறுவனத்தின் மேசைக்குப் போனால் கேள்வி வரும். அந்தக் கேள்வியை ஊரில் இருக்கும்போதே சந்தித்து, வழக்கறிஞரிடம் ஆலோசித்துவிடுவது மேல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்த இரட்டைத் தேதிப் பிரச்னைக்கே இடமில்லை. அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஒரே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

பதிவே இல்லை என்றால்?

சரியான அலுவலகம், சரியான வருடம், முன்னும் பின்னும் ஒரு வருடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால், வாய்மொழியாக 'இல்லை' என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பதிவு இல்லை என்பதற்கான சான்றை எழுத்தில் கேளுங்கள். இதற்குத் தனிப் படிவம் இருக்கிறது; படிவம் 10 என்பார்கள். தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த மூத்த தலைமுறைக்கு இதுதான் தொடக்கம்.

அந்தச் சான்று கையில் இருந்தால் தாமதப் பதிவுக்கு வழி உண்டு. பிறந்து ஒரு வருடம் கடந்திருந்தால் தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். தேவாரம், போடி பகுதியில் பிறந்தவர்களுக்கு அது உத்தமபாளையத்தில் உள்ள கோட்டாட்சியர் அலுவலகம். பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் என்ன ஆதாரம் இருக்கிறது என்று விசாரித்து அவர் உத்தரவிட்ட பிறகு, 2017 அட்டவணைப்படி 500 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு பதிவாளர் பதிவு செய்வார். 'இல்லை' என்ற சான்று தவறான அலுவலகத்திலிருந்து வாங்கியதாக இருந்தால் இந்த விசாரணையில் நிற்காது. போடியில் பிறந்தவர் தேவாரத்தில் வாங்கிய 'இல்லை', எதையும் நிரூபிப்பதில்லை. ஒருமுறை எங்கோ பதிவாகியிருக்கும் பிறப்பை இன்னோர் இடத்தில் இரண்டாவது முறை பதிவு செய்வது பின்னாளில் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

நகல் கையில் கொடுக்கப்படும்போது, கவுன்டரை விட்டு நகரும் முன் அதை வாசித்துப் பாருங்கள். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, இடம், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகள். பிழை இருந்தால் அப்போதே சொல்லுங்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து பார்த்தால், அதைத் திருத்த இன்னொரு நாள் லீவு போட வேண்டும்.

பிறகு அந்தப் பதிவு எண்ணையும் வருடத்தையும் அலுவலகத்தின் பெயரையும், வீட்டில் கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை காகிதம் தொலைந்தாலும், எங்கே போய், எந்த வருடத்தில் தேட வேண்டும் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். ஒரே நாள் லீவில் வேலையும் முடிந்துவிடும்.